கொடுக்கு என்றால் எது

டாக்டர் எங்கள் ஸ்டூடியோவுக்கு முதன்முதலாக வந்தபோது, படம் எடுத்துக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்துக் கண்ணாடியும் சீப்பும் எடுத்து வைத்தேன். அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. கக்கத்திலிருந்து வாயகன்ற ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஸ்பிரிட்டில் தேள்கள் மிதந்தன.

"இவங்களைத்தான் படம் புடிக்கணும். அழகா வரணும்னு அவசியம் இல்ல. தெளிவா வந்தாப் போதும்" என்றார்.

அது முப்பதுகளின் ஆரம்பம். காஞ்சிபுரத்தில் பெரிய தெரு ஒன்றில், மாடியில் வடக்குப் பக்கக் கூரைக்குக் கண்ணாடி போட்டு என் கணவர் ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தார். படம் எடுப்பது அவர் வேலை. எடுத்த நெகடிவ் கண்ணாடித் தகட்டைத் திருத்துவது என் வேலை. சாய்ந்த பலகையில் தகட்டை வைத்து, கீழிருந்து வெளிச்சம் வரும்படி கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துக் கூர்மையான பென்சிலால் தொடுவேன். மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பு போகும். பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை போகும். வேண்டியவர்களுக்குப் படத்தின்மேல் வர்ணமும் பூசிக் கொடுப்பேன்.

டாக்டர் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. என் கணவரின் வயதுதான் இருக்கும். வெயில் ஏறினால் தேள் கொட்டி வருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் வரிசை கட்டி நிற்பார்களாம். எது கொட்டியது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. 'பெருசு' என்பார்கள், 'பயங்கரம்' என்பார்கள். படம் இருந்தால் கையை வைத்துக் காட்டுவார்கள் அல்லவா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்றார்.

புட்டியிலிருந்து ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் துடைத்து, வெள்ளை அட்டையில் குண்டூசி குத்தி நிறுத்தினார். என் கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் கிட்டே போய் நின்று பார்த்தேன்.

முதலாவது நட்டுவாக்காலி. என் உள்ளங்கை அகலத்தைத் தாண்டும். எண்ணெய் தடவியது போலக் கறுப்பு. முன்னால் இரண்டு பெரிய இடுக்கிகள், நண்டுக்கு இருப்பது போலத் தடித்து உருண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் வால் நோஞ்சான்.

இரண்டாவது செந்தேள். விரல் நீளம். செங்கல் நிறம். இடுக்கிகள் சாமணம் போல மெலிந்திருந்தன. வால்தான் தடிமன், ஒவ்வொரு கணுவும் புடைத்திருந்தது.

"இதுல எது பொல்லாதுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார் டாக்டர்.

யோசிக்காமல் நட்டுவாக்காலியைக் காட்டினேன். சிரித்தார்.

"எல்லாரும் அதைத்தான் காட்டுறாங்க. அதுக்குக் கையில பலம் இருக்குது. பூச்சியைப் புடிச்சு நசுக்கிடும். விஷத்தை நம்பிப் பொழைக்க வேண்டியதில்ல. சின்னவனுக்குக் கையில பலம் இல்ல. வாலை நம்பித்தான் சாப்பாடு. அதனால வாலும் தடிமன், விஷமும் வீரியம். பெரும்பாலும் அப்படித்தான்."

அந்த 'பெரும்பாலும்' அப்போது என் காதில் சரியாக விழவில்லை.

புட்டியில் தேள் அல்லாதவையும் இருந்தன. தேள் என்று பயந்து ஜனங்கள் அடித்துக் கொண்டுவந்தவை. ஒன்று பார்ப்பதற்கு நட்டுவாக்காலியின் தம்பி மாதிரியே கறுப்பாக, தடித்த இடுக்கியோடு இருந்தது. ஆனால் வால் இருக்க வேண்டிய இடத்தில் சாட்டை போல, குதிரைமயிர் கனத்தில் ஒரே ஓர் இழை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கணு உருண்டு நுனியில் முள்ளாக முடிகிற தேள்வால் அது இல்லை, முள்ளே இல்லை. சீண்டினால் காடி நாற்றமடிக்கும் புளிப்புத் தண்ணீரைப் பீய்ச்சுமாம், கண்ணில் பட்டால் எரியுமாம், அவ்வளவுதான். இன்னொன்று மயிர் அடர்ந்த வெளிர்மஞ்சள் பூச்சி. அதற்கு வாலே கிடையாது. முகத்தில் மட்டும் பயங்கரமான தாடை. கடித்தால் வலிக்கும், விஷம் இல்லை என்றார்.

நாங்கள் தேள் படம் எடுக்கிற சேதி எப்படியோ பரவி, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சமஸ்கிருதப் பண்டிதர் மூக்குப்பொடி டப்பியில் எதையோ பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தார்.

"எங்காத்துச் சுவடிக்கட்டுல இருந்துது. தேள் குஞ்சுன்னு ஆத்துல அலறிப்போயிட்டா."

டப்பிக்குள் எள்ளளவு ஒரு பூச்சி. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசலாகத் தேளின் இடுக்கிகள்! ஆனால் பின்னால் வால் இல்லை; உடம்பு மொட்டையாக முடிந்துவிட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு, "சாமி, இது உங்களுக்கு வேலைக்காரன். ஏட்டை அரிக்கிற பூச்சியைத் தின்னுட்டு இருக்கான். கொட்டுறதுக்கு இவன்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றார். பண்டிதர் டப்பியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, அதைத் திரும்பச் சுவடிக்கட்டிலேயே விட்டுவிடப் போவதாகச் சொல்லிப் போனார்.

ஒவ்வொன்றையும் தனித்தனித் தகட்டில், தகடு நிறையும்படி என் கணவர் எடுத்தார். அப்போதுதான் கணு, மயிர், முள் எல்லாம் தெரியும். ஒரே அளவில் பிரதி போட்டுப் பெரிய அட்டையில் வரிசையாக ஒட்டினோம். அடியில் என்ன எழுதுவது என்று டாக்டர் யோசித்து, என்னிடம் சொன்னார். அச்செழுத்து மாதிரி நான்தான் எழுதினேன்: 'கொடுக்கு தடித்து வால் மெலிந்திருந்தால் அபாயம் குறைவு. கொடுக்கு மெலிந்து வால் தடித்திருந்தால் அபாயம் அதிகம்.'

நண்டுக்கொடுக்கு என்கிறோமே, அந்த அர்த்தத்தில் அவர் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

அட்டையை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாட்டியதும் நல்ல கூட்டம். வயிற்றுவலிக்கு வந்தவர்கள்கூட வலியை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்களாம். சில நாள் கழித்து, படங்களுக்கு எண் போட்டால் சொல்வதற்குச் சுலபமாயிருக்கும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். காலை வேளை; வண்ணப்புட்டியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் உள்ளே ஒருவருக்குக் கட்டி கீறிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து எண் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒருவர் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். ஐயம்பேட்டைப் பக்கத்து நெசவாளி. வேட்டியில் பட்டிழை ஒட்டியிருந்தது. குழந்தைக்கு ஆறு வயதிருக்கலாம். பின்னாலேயே தாய், அழுதுகொண்டு.

கம்பவுண்டர் எழுந்து வந்தார்.

"இன்னாபா ஆச்சு?"

"தறிக்குழியில நூல் ஓட்டற நாடா வுழுந்துடுச்சுங்க. எடுக்கறேன்னு கொயந்த எறங்கிச்சு. கையில போட்டுடுச்சு."

"எப்போ?"

"இப்பத்தான். வண்டி கட்டிக்கினு நேரா வரோம்."

கம்பவுண்டர் அவரை அட்டைக்கு முன்னால் அழைத்து வந்தார். கெட்ட மனிதர் அல்ல, கைவேலையில் சுத்தமானவர். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டார்.

"இதுல எது, பாத்துச் சொல்லு."

நெசவாளி படங்களை மேலும் கீழும் பார்த்தார். "இதுல இல்லீங்களே. அது செவப்பு. இங்க செவப்பே காணோமே."

"சரி, கொடுக்கு எப்பிடி இருந்துது? தடியா, மெலிசா?"

"நல்லாத் தடியா இருந்துதுங்க."

கம்பவுண்டரின் முகம் தெளிந்தது. "தடியா இருந்தாப் பயம் இல்ல. மருந்து தடவிவுடறேன். வலி இருக்கும், சாயந்தரம் அடங்கிடும். வூட்டுக்கு இட்டுக்கினு போ" என்று சொல்லிவிட்டு மருந்தெடுக்கத் திரும்பினார்.

எனக்கு என்னவோ உறுத்திற்று. 'தடியா' என்று சொல்லும்போது அந்த மனிதர் கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைக் கொக்கி போல் வளைத்துக் காட்டியிருந்தார். இடுக்கியைக் காட்ட யாரும் விரலை அப்படி வளைக்க மாட்டார்கள்.

"அண்ணே, நீங்க எதைக் கொடுக்குன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இது இன்னாமா கேள்வி? கொட்டறதுதான் கொடுக்கு. பின்னாடி, வால்ல."

"முன்னாடி ரெண்டு கை இருக்குமே, இடுக்கி மாதிரி?"

"அதுவா? அது ஒண்ணுமில்லமா, குச்சியாட்டம் இருந்துது."

எழுந்து குழந்தையின் கையைத் தொட்டேன். வெளியே அத்தனை வெயில், கை சில்லிட்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டும்படி வியர்த்திருந்தது. கடைவாயில் எச்சில் ஒழுகிற்று. தாய் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு துடைக்கத் துடைக்க, குழந்தை அங்கேயே வாந்தி எடுத்தது.

நான் கம்பவுண்டரைக் கூப்பிடவில்லை. நேரே உள்ளே போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அட்டையின் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தார், நெற்றியைத் தொட்டார், மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். "படுக்கையில போடுங்க. தலைமாட்டை உயர்த்துங்க" என்றார். கொட்டின இடத்தைச் சுற்றி வலி மரத்துப்போக ஊசி போட்டார். கம்பளி போர்த்தச் சொன்னார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு விஷமுறிவு மருந்து இருக்குதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல. அதான் பக்கத்துலயே இருக்கணும்னு சொல்றது. இதயம் தாங்கணும், நுரையீரல்ல தண்ணி கோக்காம இருக்கணும். வீட்டுக்குப் போயிருந்தா யாரு பாக்கறது?"

கம்பவுண்டர் சுவரோரமாக நின்றார். "தடின்னு சொன்னாரு சார். நான் கையைத்தான் சொல்றாருன்னு..." என்று இழுத்தார்.

"உம்ம மேல தப்பு இல்ல. வார்த்தையை நான்தான் கொடுத்தேன்" என்றார் டாக்டர்.

மதியம் வரை குழந்தை முனகிக்கொண்டே இருந்தது. ஒருமுறை இருமியபோது டாக்டர் சட்டென்று குனிந்து மறுபடி குழாயை வைத்துக் கேட்டார். அந்தத் தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நானும்தான். அவர் நிமிர்ந்து, "நெஞ்சு தெளிவாத்தான் இருக்குது" என்றார். வேலை முடிந்தும் கிளம்ப மனம் வரவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், விசிறினேன்.

அதற்குள் குழந்தையின் சித்தப்பா, தறிக்குழியைக் கிளறி அடித்த தேளைப் பூவரச இலையில் சுருட்டி எடுத்துவந்தார். டாக்டர் இலையை விரித்து எனக்குக் காட்டினார். செங்கல் நிறம், சாமணம் போன்ற கைகள், புடைத்த வால்.

"இது நம்ம அட்டையில ரெண்டாவதா இருக்குதே. இவருக்கு ஏன் தெரியல?" என்றார்.

நாங்கள் இருவரும் தாழ்வாரத்துக்குப் போய்ப் பார்த்தோம். பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. எண் போட்டுக்கொண்டே அத்தனை நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவள்தான் நான். படத்தில் செந்தேள் கறுப்பு! நட்டுவாக்காலிக்குச் சரியான கறுப்பு. தகடு நிறைய எடுத்ததால் உருவத்திலும் அதற்குச் சமமாக இருந்தது. நிறமும் இல்லை, அளவும் இல்லை என்றால் அந்த மனிதர் எதைக்கொண்டு அடையாளம் சொல்வார்?

"தகட்டுக்குச் சிவப்பு தெரியாதுங்க" என்றேன். "அதனாலதான் இருட்டறையில சிவப்பு விளக்கு வெச்சுக்கிட்டு வேலை செய்ய முடியுது. அரக்குப் புடவை கட்டின கல்யாணப் பொண்ணெல்லாம் படத்துல கறுப்புப் புடவையிலதான் நிப்பாங்க. நெத்திக் குங்குமமும் மை வெச்ச மாதிரிதான் இருக்கும். எங்களுக்குப் பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு. தேளுக்கும் அதே கதைன்னு தோணவே இல்ல."

டாக்டர் அட்டையையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். எரிச்சல்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு புதிர் அவிழ்ந்த சந்தோஷம்தான் இருந்தது.

"நிறம் போச்சு, அளவு போச்சு. மிஞ்சினது கையும் வாலும்தான். அதுக்கும் நான் வெச்ச பேரு குழப்பிடுச்சு" என்றார்.

சாயங்காலம் குழந்தையின் கை கால்களில் சூடு திரும்பியது. மறுநாள் காலை நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி வேண்டாம், இட்டிலிதான் வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. தகப்பன் தாழ்வாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

அந்த வாரமே புது அட்டை தயாரித்தோம். இம்முறை எல்லாவற்றையும் ஒரே தகட்டில், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தார் என் கணவர். தீப்பெட்டி தெரியாதவர்கள் யாரும் இல்லை. செந்தேளுக்கு நான் வர்ணம் பூசினேன். அந்தச் செங்கல் நிறத்தைப் பிடிப்பதற்குப் பெரும்பாடுபட்டேன். கன்னத்துக்குப் பூசும் ரோஜா நிறத்தில் மஞ்சளும் கொஞ்சம் பழுப்பும் கலந்து பார்த்து, புட்டியில் இருந்த தேளோடு ஒப்பிட்டு, கழுவி, மறுபடி பூசி. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணுக்குக்கூட நீ இவ்ளோ மெனக்கெட்டதில்ல" என்றார்.

எழுதுவதற்கு முன் டாக்டர் ஒரு காரியம் செய்தார். தாழ்வாரத்தில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் படத்தின் இடுக்கியைத் தொட்டுக்காட்டி, 'இதுக்கு என்ன பேரு?' என்று கேட்டார். சிலர் கொடுக்கு என்றார்கள், சிலர் கை என்றார்கள், ஒருவர் கத்தரி என்றார். வாலின் முள்ளைக் காட்டிக் கேட்டால் அத்தனை பேரும் கொடுக்கு. ஆகவே கொடுக்கு என்ற சொல்லையே விட்டுவிட்டு, 'முன்கை' என்றும் 'வால்' என்றும் எழுதினோம். சந்தேகம் வராமல் இருக்க இரண்டுக்கும் அம்புக்குறியும் போட்டேன்.

விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கார்த்திகைக்கு முன்னால் ஒரு பகல், விறகு எடுக்கப் போன என் கட்டைவிரலிலேயே ஒன்று போட்டுவிட்டது. நெருப்புக்கொள்ளியை வைத்த மாதிரி சுரீர் என்றது. ஆனாலும் முதலில் அது எது என்றுதான் பார்த்தேன். விறகுப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிர்நிறம், உடம்பெல்லாம் பொட்டுப்பொட்டாகக் கறுப்பு. முன்கை மெலிசு! ஒரு தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் அட்டையைச் செருகி, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூடவே என் கணவர், என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டு.

டாக்டர் என் நாடியைப் பார்த்தார், கையைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம்தான் தம்ளரைப் பார்த்தார்.

"எப்படி இருக்குது?"

"விரல்ல வலிதான் உயிர் போவுது. மத்தபடி ஒண்ணும் இல்ல. ஆனா முன்கை மெலிசா இருக்குதே?"

"வாலைப் பாத்தீங்களா?"

பார்த்தேன். வாலும் மெலிசு. நீளமாக, நூல் கோத்த மணி மாதிரி இருந்தது.

"அப்போ நம்ம அட்டையில இது எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் இல்ல" என்று சிரித்தார். "செந்தேளோட சொந்தக்காரன்தான். ஆனா இவன் போட்டா வலி மட்டும்தான், நான் பாத்த வரைக்கும். இந்த ஊரு தேளுங்களுக்குக் கையையும் வாலையும் பாத்து ஒரு மாதிரி ஊகிக்கலாம். ஊகம்தான், சட்டம் இல்ல. இதுலயும் ஆணுக்கு ஒரு மாதிரி, பொண்ணுக்கு ஒரு மாதிரி. குஞ்சுன்னா அதுவும் வேற. போட்டோவுல சாய்ஞ்சு விழுந்தா தடியும் மெலிசாத் தெரியும். பெரியவங்களுக்குத் தாங்குறது கொழந்தைக்குத் தாங்காது."

"அப்படின்னா அட்டை எதுக்கு?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது போலும். வலி மருந்தைத் தொட்டுப் போட்டுக்கொண்டே யோசித்தார். "சாட்டை வால் பூச்சிக்கும் சுவடிப் பூச்சிக்கும் பயந்து ஓடி வர்றவங்களைத் திருப்பி அனுப்பலாம். அதுக்கு அட்டையை நம்பலாம். தேள்னு தெரிஞ்சுபோனா, அப்புறம் ஆளைத்தான் பாக்கணும்."

அன்று சாயங்காலம் வரை விரல் விண்விண் என்று தெறித்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் தேய்ந்துபோயிற்று. மறுநாள் தம்ளரில் இருந்தவனை அட்டையில் குத்திப் படம் எடுத்து, மற்றவற்றுக்கு நடுவில் தனியாக ஒட்டினோம். அவனுக்கும் பொட்டுப்பொட்டாக வர்ணம் வைத்தேன், விரல் வீக்கத்தோடு. எல்லாவற்றுக்கும் அடியில், தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில் டாக்டர் சொன்னதை எழுதினேன்: 'எந்தத் தேளானாலும், குழந்தைக்குக் கொட்டினால், அல்லது வியர்த்துக் கை சில்லிட்டு வாந்தி வந்தால், படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். உடனே உள்ளே வரவும்.'

கம்பவுண்டர் அதை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்துத் தெரியாதவர்களுக்காகத் தினமும் காலையில் தாழ்வாரத்தில் நின்று தானே ஒரு தரம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். சொல்லவும் செய்தார்.